"பெரிசா ஒண்ணும் இல்ல" என்றாலும் வரலாம்

ராத்திரி மழை வலுத்ததும் தூக்கம் கலைந்து, வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறீர்களா? துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டாலே வயிற்றைப் பிசைகிறதா? 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் என்று வரிசையாகப் பார்த்த ஊர் நம் கடலூர். ஐப்பசி பிறந்தால் மனசு கலங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மழைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் புரண்டு படுக்கலாம். கடன், வீட்டுச் சண்டை, பரீட்சை. அல்லது காரணமே தெரியாத ஒரு சலிப்பு.

இது இன்ன நோய் என்று இந்தப் பதிவில் சொல்ல மாட்டோம். பத்துக் கேள்விக்கு டிக் போட்டு மார்க் பார்க்கிற படமும் போடவில்லை. ஆளைப் பார்க்காமல், பேச்சைக் கேட்காமல் பெயர் வைப்பது சரியில்லை. நீங்களும் வீட்டில் யாருக்கும் வைத்துவிடாதீர்கள். "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கியே, சாப்பிட்டியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போதும்.

எங்கள் மனநல ஆலோசனை மையத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? ஒரு அறை, இரண்டு நாற்காலி, முக்கால் மணி நேரம். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பேச்சு வராவிட்டால் சும்மா உட்காரலாம், அழுதாலும் சரி. மாத்திரை தர மாட்டோம், அது மருத்துவர் வேலை. அவரைப் பார்ப்பது நல்லது என்று தோன்றினால் உங்களிடமே சொல்வோம், முடிவு உங்களுடையது. நீங்கள் சொன்னதை உங்களைக் கேட்காமல் வீட்டுக்கோ ஆபீசுக்கோ சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுவோம், அதையும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

"யாராவது பார்த்துட்டா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் மாடியிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீசும் டைப்பிங் சென்டரும் இருக்கின்றன. படியேறுகிறவர் எந்தக் கதவுக்குப் போகிறார் என்று கீழே டீ குடிக்கிறவருக்குத் தெரியப் போவதில்லை!

மஞ்சக்குப்பம், திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காகப் புதன்கிழமை இரவு 8 வரை. முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. இந்தப் பக்கத்துக்கு "பேசணும்" என்று ஒரு மெசேஜ் போடுங்கள், நேரம் சொல்கிறோம். கமெண்டில் சொந்த விஷயம் எழுத வேண்டாம், எல்லோர் கண்ணிலும் படும்.

ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ். அரசின் இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, 108க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

#கடலூர் #மனநலம் #பேசலாம்வாங்க