எம்டன் குண்டு வீச்சு: எட்டு மதிப்பெண் வினாவுக்கு விடை

தம்பி, நீ அனுப்பின போட்டோவில் கடைசி வரி மேல் உன் கட்டைவிரல் நிழல். படிக்க முடிந்தவரை வைத்து எழுதியிருக்கிறேன். பத்தி பயிற்சித்தாளுக்காக எழுதினதுதான் என்றாலும், நிஜ நினைவுக்குறிப்பாகவே எடுத்துக்கொள்.

பத்தி (1964-இல் ஒருவர் சொன்னது): “எனக்கு அப்போது ஒன்பது வயது. ராயபுரத்தில் வீடு. இரவு இடி மாதிரி சத்தம். துறைமுகப் பக்கம் வானம் சிவந்து கிடந்தது. நூற்றுக்கணக்கான பேர் செத்ததாகச் சொன்னார்கள். விடிந்ததும் மூட்டை முடிச்சோடு தெருவே கிளம்பியது. எங்களை அரக்கோணத்துக்கு அனுப்பிவிட்டார் அப்பா.”

வினா: 1914 தாக்குதல் சென்னை மக்களை எப்படிப் பாதித்தது என்று அறிய இப்பத்தி எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

விடை:

மக்களின் பீதியை அறிய இப்பத்தி பெரிதும் நம்பத்தக்கது. உயிரிழப்பை அறிய நம்பத்தக்கதல்ல.

“மூட்டை முடிச்சோடு தெருவே கிளம்பியது” என்பது பேசுபவர் நேரில் கண்டது. அவர் குடும்பமே ஊரை விட்டுச் சென்றிருக்கிறது. தாக்குதலுக்குப் பின் ஏராளமானோர் நகரை விட்டு வெளியேறியதைப் பிற பதிவுகளும் சொல்கின்றன. “வானம் சிவந்து கிடந்தது” என்பதும் பொருந்துகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்டதில் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

ஆனால் “நூற்றுக்கணக்கான பேர் செத்ததாகச் சொன்னார்கள்” என்பதில் கடைசிச் சொல்லே அது செவிவழிச் செய்தி என்று காட்டிவிடுகிறது. உண்மையில் இறந்தவர்கள் மிகச் சிலரே. ஒன்பது வயதில் கேட்டதை ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்கிறார். இடையில் ஊர் பேசிய கதைகளும் கலந்திருக்கலாம். எமகாதகனை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கே தமிழில் நிலைத்துவிட்டது.

எனினும் அந்த எண்ணிக்கை வீணல்ல. எண்ணிக்கை தவறுதான், ஆனால் அப்படியொரு வதந்தி உலவியிருந்தால் நகரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அதுவே சான்று. தாக்குதல் ஏறத்தாழ அரை மணி நேரமே நீடித்தும் தெரு காலியானதற்கு, சேதத்தைவிட அச்சமே காரணம் என்று கொள்ள இப்பத்தி இடம் தருகிறது. ஆனால் இது ராயபுரத்து ஒரு வீட்டின் குரல். வெளியூரில் போக்கிடம் இல்லாத கூலித் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் என்பது இதில் இல்லை.

சரி, எனக்குத் திருப்தி தந்தது வதந்திப் பத்திதான். அதை உன் சொல்லில் எழுது, மனப்பாடம் வேண்டாம். ‘செத்ததாகச் சொன்னார்கள்’ என்பதை மேற்கோளோடு அப்படியே எடுத்துப் போடு. ‘மூலம் ஒருதலைப்பட்சமானது’ என்று மொட்டையாக எழுதினால் யாரும் மார்க் தரமாட்டார்கள்.

கடைசி வரியை ஜன்னல் பக்கம் வைத்து இன்னொரு தரம் போட்டோ எடுத்து அனுப்பு. அவர் யாரிடம் இதைச் சொன்னார் என்று அதில் இருந்தால், மூன்றாவது பத்தியில் இரண்டு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.