படகும் நீரோட்டமும்: பயிற்சிக் கணக்குகள், விடை விளக்கத்துடன்

இந்தத் தாளில் உள்ள கணக்குகளுக்கு மூன்று வேகங்கள் தெரிந்தால் போதும். நிலையான நீரில் படகின் வேகத்தை x என்றும், நீரோட்டத்தின் வேகத்தை y என்றும் வைத்துக்கொள்வோம். நீரோட்டத்தின் திசையில் போகும்போது ஆறும் சேர்ந்து தள்ளுவதால் வேகம் x + y. எதிர்த்திசையில் போகும்போது ஆறு பின்னால் இழுப்பதால் வேகம் x − y. முதலாவதை D என்றும் இரண்டாவதை U என்றும் எழுதுவோம்.

D = x + y
U = x − y
x = (D + U) ÷ 2
y = (D − U) ÷ 2

கடைசி இரண்டு வரிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டையும் கூட்டினால் y அடிபட்டு 2x மிஞ்சும். கழித்தால் x அடிபட்டு 2y மிஞ்சும். எந்தக் கணக்கை எடுத்தாலும் முதல் வேலையாக D, U இரண்டையும் தாளில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான கணக்குகள் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடும்.

கணக்கு 1

நிலையான நீரில் ஒரு படகின் வேகம் மணிக்கு 14 கி.மீ. நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 3 கி.மீ. இரு திசைகளிலும் படகின் வேகம் என்ன?

D = 14 + 3 = 17 கி.மீ/மணி, U = 14 − 3 = 11 கி.மீ/மணி. அவ்வளவுதான்.

கணக்கு 2

ஒரு படகு நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்கிறது. நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 2.5 கி.மீ. எனில், நீரோட்டத்தின் திசையில் அதன் வேகம் என்ன?

அவசரத்தில் 8 + 2.5 = 10.5 என்று விடை குறித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. 10.5 விடைத் தெரிவுகளிலும் கட்டாயம் இருக்கும். கேள்வியில் உள்ள 8 என்பது x அல்ல, U. அதனுடன் 2.5 கூட்டினால் நிலையான நீரின் வேகம்தான் வரும். இன்னொரு முறை 2.5 கூட்டினால்தான் D கிடைக்கும்.

x = 8 + 2.5 = 10.5, D = 10.5 + 2.5 = 13 கி.மீ/மணி.

D, U இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 2y. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நீரோட்டத்தின் வேகத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும் அல்லது கழிக்க வேண்டும்.

கணக்கு 3

ஒரு படகு 36 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தின் திசையில் 2 மணி நேரத்திலும், அதே தூரத்தை எதிர்த்திசையில் 3 மணி நேரத்திலும் கடக்கிறது. நிலையான நீரில் படகின் வேகம், நீரோட்டத்தின் வேகம் இரண்டையும் காண்க.

D = 36 ÷ 2 = 18, U = 36 ÷ 3 = 12.
x = (18 + 12) ÷ 2 = 15 கி.மீ/மணி, y = (18 − 12) ÷ 2 = 3 கி.மீ/மணி.

கணக்கு 4

ஒரு நீச்சல் வீரர் 600 மீட்டரை நீரோட்டத்தின் திசையில் 5 நிமிடத்திலும் எதிர்த்திசையில் 7½ நிமிடத்திலும் நீந்துகிறார். நிலையான நீரில் அவரது வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.?

இங்கே ஆரம்பத்திலேயே கி.மீ/மணிக்கு மாற்றினால் பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மீட்டர், நிமிடத்திலேயே கணக்கை முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை மாற்றுங்கள்.

D = 600 ÷ 5 = 120 மீ/நிமிடம், U = 600 ÷ 7.5 = 80 மீ/நிமிடம்.
x = (120 + 80) ÷ 2 = 100 மீ/நிமிடம்.
ஒரு மணிக்கு 100 × 60 = 6000 மீட்டர், அதாவது 6 கி.மீ/மணி.

கணக்கு 5

ஒரே தூரத்தைக் கடக்க, நீரோட்டத்தின் திசையில் ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் எதிர்த்திசையில் ஆகிறது. நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 2.5 கி.மீ. எனில், நிலையான நீரில் படகின் வேகம் என்ன?

தூரம் ஒன்றே என்பதால் நேரத்தின் விகிதம் தலைகீழாக மாறி வேகத்தின் விகிதமாகும். D : U = 2 : 1. எனவே x : y = (2 + 1) : (2 − 1) = 3 : 1. கூட்டியதையும் கழித்ததையும் இரண்டால் வகுக்க வேண்டாமா என்று கேட்கலாம்; விகிதத்தில் இரு பக்கமும் இரண்டு அடிபட்டுப்போகும்.

x = 3 × 2.5 = 7.5 கி.மீ/மணி.

போகும் தூரமும் திரும்பும் தூரமும் வேறு வேறாக இருந்தால் இந்த வழி செல்லாது. கேள்வியில் ‘அதே தூரம்’ என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

கணக்கு 6

நிலையான நீரில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் படகு, மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஓடும் ஆற்றில் ஓர் இடத்துக்குப் போய்த் திரும்ப மொத்தம் 5 மணி நேரம் ஆகிறது. அந்த இடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது? முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

D = 12, U = 8. தூரம் d எனில்,
d/12 + d/8 = 5
5d/24 = 5
d = 24 கி.மீ.

போக 2 மணி, வர 3 மணி, ஆக 5 மணி. சரியாக இருக்கிறது.

இனி சராசரி வேகம். போகும்போது ஆறு கொடுத்ததை வரும்போது எடுத்துக்கொள்கிறது, எனவே சராசரி 10 தான் என்று தோன்றும். ஆனால் மொத்தத் தூரம் 48 கி.மீ., மொத்த நேரம் 5 மணி, சராசரி 9.6 கி.மீ/மணி. காரணம் நேரத்தில் இருக்கிறது. ஆறு உதவி செய்வது 2 மணி நேரம்தான். தடுப்பது 3 மணி நேரம். மெதுவாகப் போகும் பகுதியில் படகு அதிக நேரம் இருப்பதால் சராசரி எப்போதும் x-ஐ விடக் குறைவாகவே வரும். சூத்திரம் வேண்டுமென்றால்:

சராசரி வேகம் = (D × U) ÷ x = (12 × 8) ÷ 10 = 9.6

கணக்கு 7

நிலையான நீரில் மணிக்கு 12 கி.மீ. செல்லும் படகு, 35 கி.மீ. சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்ப 6 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நீரோட்டத்தின் வேகம் காண்க.

35/(12 + y) + 35/(12 − y) = 6
(35 × 24) ÷ (144 − y²) = 6
144 − y² = 140
y² = 4, y = 2 கி.மீ/மணி.

−2 என்ற மூலமும் வரும். வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடலாம். சரிபார்க்க: D = 14, போக 2½ மணி; U = 10, வர 3½ மணி.

தேர்வில் நேரம் குறைவாக இருந்தால் விடைத் தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 12 + y, 12 − y இரண்டும் 35-ஐ நேர்த்தியாக வகுக்கும் எண் எது என்று பார்த்தால் 14, 10 சட்டென்று கண்ணில் படும். இதைக் குறுக்குவழி என்று ஒதுக்க வேண்டாம். போட்டுப் பார்த்துச் சரிபார்ப்பதும் முறையான வழிதான்.

கணக்கு 8

ஒரு படகு எதிர்த்திசையில் 24 கி.மீ., நீரோட்டத்தின் திசையில் 30 கி.மீ. செல்ல மொத்தம் 7 மணி நேரம் ஆகிறது. எதிர்த்திசையில் 12 கி.மீ., நீரோட்டத்தின் திசையில் 40 கி.மீ. செல்ல 6 மணி நேரம் ஆகிறது. மூன்று வேகங்களையும் காண்க.

U, D பகுதியில் இருப்பதால் நேரடியாகத் தீர்ப்பது சிரமம். 1/U = p, 1/D = q என்று மாற்றினால் சாதாரண இரு சமன்பாடுகள் ஆகிவிடும்.

24p + 30q = 7
12p + 40q = 6

இரண்டாவதை 2-ஆல் பெருக்கினால் 24p + 80q = 12. இதிலிருந்து முதலாவதைக் கழிக்க 50q = 5, q = 1/10. இதை இரண்டாவதில் இட 12p = 2, p = 1/6.

D = 10, U = 6 கி.மீ/மணி. எனவே x = 8, y = 2.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, p = 1/6 என்று கண்டதும் அதையே வேகம் என்று எழுதிவிடுவது. p என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம். அதைத் தலைகீழாக்கினால்தான் வேகம்.

கணக்கு 9

எதிர்த்திசையில் சென்றுகொண்டிருக்கும் படகிலிருந்து ஒரு துடுப்பு நீரில் விழுந்துவிடுகிறது. 20 நிமிடம் கழித்துத்தான் படகோட்டி கவனிக்கிறார். உடனே படகைத் திருப்பி, துடுப்பு விழுந்த இடத்திலிருந்து 2 கி.மீ. கீழே அதைப் பிடிக்கிறார். படகின் முயற்சி முழுக்க ஒரே அளவில் இருந்தால், நீரோட்டத்தின் வேகம் என்ன?

படகின் வேகமே கேள்வியில் இல்லையே என்று திகைக்க வேண்டாம்; அது தேவையும் இல்லை. இந்தத் தாளிலேயே எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. கரையிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு, நீரோடு மிதந்துகொண்டே பாருங்கள். நீரைப் பொறுத்தவரை துடுப்பு விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கிறது. படகு அதிலிருந்து 20 நிமிடம் x வேகத்தில் விலகிப் போனது. அதே x வேகத்தில் திரும்ப வருகிறது. எனவே திரும்பவும் 20 நிமிடமே ஆகும். மொத்தம் 40 நிமிடம். இந்த 40 நிமிடத்தில் ஆறு துடுப்பை 2 கி.மீ. இழுத்து வந்திருக்கிறது.

y = 2 ÷ (40/60) = 3 கி.மீ/மணி.

நம்பிக்கை வரவில்லை என்றால் x = 9 என்று வைத்துப் பாருங்கள். 20 நிமிடத்தில் படகு மேலே 2 கி.மீ. போகும், துடுப்பு கீழே 1 கி.மீ. போகும். இடைவெளி 3 கி.மீ. திரும்பிய படகின் வேகம் 12, துடுப்பின் வேகம் 3. மணிக்கு 9 கி.மீ. வீதம் இடைவெளி குறையும். 3 ÷ 9 மணி என்றால் 20 நிமிடம். x-க்கு வேறு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இதேதான் வரும்.

கணக்கு 10

60 கி.மீ. இடைவெளியில் உள்ள இரு படகுகள் ஒன்றையொன்று நோக்கிப் புறப்படுகின்றன. நிலையான நீரில் அவற்றின் வேகம் 11, 9 கி.மீ/மணி. நீரோட்டம் 3 கி.மீ/மணி. முதல் படகு நீரோட்டத்தின் திசையில் வந்தால், எவ்வளவு நேரத்தில், எங்கே சந்திக்கும்?

நெருங்கும் வேகம் (11 + 3) + (9 − 3) = 20. நீரோட்டம் அடிபட்டுவிட்டது. நேரம் 3 மணி. ஆனால் சந்திக்கும் இடம் மட்டும் நீரோட்டத்தைப் பொறுத்து மாறும்: முதல் படகு புறப்பட்ட இடத்திலிருந்து 14 × 3 = 42 கி.மீ.

நீங்களே செய்ய

அ. D = 21, U = 13 கி.மீ/மணி எனில் x, y காண்க.

ஆ. ஒரு படகு நீரோட்டத்தின் திசையில் 48 கி.மீ. தூரத்தை 3 மணியில் கடக்கிறது. நீரோட்டம் 4 கி.மீ/மணி. திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?

இ. ஒரே தூரத்துக்கு எதிர்த்திசையில் ஆகும் நேரத்துக்கும் நீரோட்டத்தின் திசையில் ஆகும் நேரத்துக்கும் உள்ள விகிதம் 7 : 4. நிலையான நீரில் படகின் வேகம் 22 கி.மீ/மணி எனில் நீரோட்டத்தின் வேகம் என்ன?

ஈ. ஒரு தூரத்தைப் படகு நீரோட்டத்தின் திசையில் 4 மணியிலும் எதிர்த்திசையில் 6 மணியிலும் கடக்கிறது. நீரில் மிதக்கும் ஒரு மரக்கட்டை அதே தூரத்தைக் கடக்க எத்தனை மணி ஆகும்? (தூரத்தை 24 என்று வைத்துத் தொடங்குங்கள்.)

விடைகள்: அ. x = 17, y = 4. ஆ. 6 மணி. இ. 6 கி.மீ/மணி. ஈ. 24 மணி.