இலக்கம் 14: வியாழக்கிழமைக்குப் பதிலாக 23ஆம் திகதி கிடைக்குமா?

வணக்கம். மூதூரிலிருந்து மகேஸ்வரி அம்மாவின் மகள் எழுதுகிறேன். நாளை மறுநாள், ஒக்டோபர் 16 வியாழக்கிழமை மாலை 5.30க்கு அம்மாவுக்கு உங்களிடம் இலக்கம் 14 போட்டிருக்கிறோம். சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் வழக்கமாகக் காட்டுகிறவர். அதை அடுத்த வியாழன், 23ஆம் திகதிக்கு மாற்றித் தர முடியுமா? இடையில் வரும் திங்கட்கிழமை தீபாவளி என்பதால் அன்றைக்குக் கேட்கவில்லை.

காரணம் இரத்தப் பரிசோதனைதான். வெறும் வயிற்றில் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்த்து அறிக்கையோடு வரும்படி வைத்தியர் போன முறை துண்டில் எழுதித் தந்தார். இன்று காலை இரத்தம் எடுக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து, கையில் பட்டியும் கட்டிவிட்டார். அப்போதுதான் அடுப்படியில் அம்மாவின் தேநீர்க் கோப்பையைக் கண்டேன். கேட்டால், "வெறும் தேத்தண்ணிதானே, சாப்பாடா?" என்கிறார். உள்ளங்கையில் சீனி ஒட்டியிருந்தது. பட்டியை அவிழ்த்துக்கொண்டு பிள்ளை போய்விட்டார். எங்கள் பக்கம் அவர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருகிறார். ஆகவே வெள்ளிக்கிழமைதான் இரத்தம் எடுக்கலாம். அறிக்கை சனிக்கிழமை மாலை கைக்கு வரும். அறிக்கை இல்லாமல் அம்மாவைக் கூட்டிவந்து, வைத்தியரின் நேரத்தையும் வீணாக்க விருப்பமில்லை. வியாழன் இரவு கேத்திலை நானே ஒளித்துவைப்பேன்.

இதில் எனக்குள்ள கவலை குளிசைதான். கையில் இருப்பது 18ஆம் திகதி சனிக்கிழமை காலை வரைக்கும்தான் காணும். 23 வரை இடையில் ஐந்து நாள் வெறுமையாகப் போகக்கூடாது. பழைய துண்டைக் காட்டி அதே குளிசைகளை அதே அளவில் வாங்கலாமா என்று வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். புதிய துண்டு வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை தம்பி பட்டினத்துக்கு வருகிறான். உங்களிடம் வந்து வாங்கிக்கொள்வான். அம்மாவுக்கு இப்போது தலைச்சுற்றோ வேறு வருத்தமோ இல்லை. நேற்றுப் பார்த்த பிறஷர் 140க்கு 85.

23ஆம் திகதி முன் இலக்கமாகக் கிடைத்தால் பெரிய உதவி. போன முறை 22ஆவதாகக் காட்டிவிட்டு வெளியே வர இருட்டிவிட்டது. மூதூருக்குப் பஸ் இல்லாமல் கிண்ணியா வழியாக முச்சக்கரவண்டி பிடித்துத்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். வைத்தியருக்குக் கொடுத்ததைவிட வண்டிக்குக் கொடுத்தது கூட. அன்று இடமே இல்லையென்றால் 27ஆம் திகதி திங்கட்கிழமையும் எங்களுக்குச் சரி. இலக்கத்துக்குக் கட்டிய காசு புதிய திகதிக்குச் செல்லுமா, மறுபடி கட்ட வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பகலில் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அழைப்பு எடுக்க முடியாது. இதே இலக்கத்துக்கு ஒரு செய்தி போட்டால் போதும். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு என்றால் அழைக்கவும் செய்யலாம். வியாழக்கிழமை 14ஆம் இலக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

நன்றி.
மகேஸ்வரி அம்மாவின் மகள், மூதூர்