செவ்வாய்க்கிழமை பிரமிடு: 200லிருந்து 1000 வரை ஏறி, திரும்ப 200க்கு

தம்பி,

நாளை மண்டபம் மைதானத்தில் நீ தனியாகத்தான் ஓட வேண்டும், நான் வரவில்லை. அதனால் முழுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். போன தடவை "மொத்தம் 5 கிலோமீட்டர்தானே அண்ணே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு 6:50 பஸ்ஸை விட்டாயே, இந்தத் தடவை அது வேண்டாம்.

400 மீட்டர் சுற்றில் 100 மீட்டருக்கு ஒன்றாக வலை மிதவை கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளை தொடக்கம், நீலம் 100, மஞ்சள் 200, சிவப்பு 300. சிவப்புக்குப் பக்கத்தில், பனைமரத்தடியில் மணல் புதையும். அங்கே மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடு.

உன் 5 கிலோமீட்டர் நேரம் 22:30, அதாவது கிலோமீட்டருக்கு 4:30. உச்சியில் வரும் 1000ஐ அந்த வேகத்தில் ஓடினால் போதும். தூரம் குறையக் குறைய வேகம் கூடும்:

200 – 48 வினாடி, பிறகு 100 ஜாகிங்
400 – 1:40, பிறகு 200 ஜாகிங்
600 – 2:36, பிறகு 300 ஜாகிங்
800 – 3:32, பிறகு 400 ஜாகிங்
1000 – 4:30, பிறகு 500 ஜாகிங்
800 – 3:32, பிறகு 400 ஜாகிங்
600 – 2:36, பிறகு 300 ஜாகிங்
400 – 1:40, பிறகு 200 ஜாகிங்
200 – 48 வினாடி, முடிந்தது

ஓடியதில் பாதித் தூரம் ஜாகிங், இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். 100 மீட்டருக்கு 45 வினாடி, ஒரு சுற்றுக்கு 3 நிமிடம். நின்றுவிடாதே, நடக்கவும் வேண்டாம்.

இப்போது கூட்டுவோம். ஏறும்போது 200, 400, 600, 800 சேர்ந்து 2000. இறங்கும்போதும் அதே 2000. நடுவில் 1000. ஆக 5000 மீட்டர். நேரம்: ஏற 8:36, இறங்க 8:36, உச்சிக்கு 4:30, ஆக 21:42.

ஜாகிங்கில்தான் எல்லோரும் தப்பு விடுவார்கள். ஓட்டம் ஒன்பது, ஆனால் இடைவெளி எட்டுதான். கடைசி 200க்குப் பிறகு வருவது கூல்-டவுன், அதை இதில் சேர்க்காதே. 100+200+300+400+500+400+300+200 என்றால் 2400 மீட்டர், 18 நிமிடம். பார்த்தாயா, ஓடுகிற நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக ஜாகிங்கே வந்துவிடுகிறது.

பிரமிடு மட்டும் 7400 மீட்டர், 39:42. முன்னால் வார்ம்-அப் 2000 மீட்டர், 14 நிமிடம். அப்புறம் உடம்பை நீட்டிவிட்டு 100 மீட்டர் ஸ்ட்ரைட் நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடந்து திரும்பி வா: 800 மீட்டர், 10 நிமிடம். கடைசியில் கூல்-டவுன் நான்கு சுற்று, 1600 மீட்டர், 12 நிமிடம். எல்லாம் சேர்த்து 11.8 கிலோமீட்டர், 1 மணி 15 நிமிடம் 42 வினாடி. 5:00க்குத் தொடங்கினால் 6:16க்கு முடியும். குளித்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். 5:20க்கு வந்தால் கடினம்தான்.

சுற்று மறந்துபோனால் மிதவையைப் பார். வெள்ளையில் தொடங்கிய பிரமிடு பதினெட்டரை சுற்று, ஆகவே மஞ்சளில்தான் முடிய வேண்டும். வேறு நிறத்தில் நிற்கிறாய் என்றால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறாய். 1000 மஞ்சளில் தொடங்கி வெள்ளையில் முடியும். அதில் முதல் சுற்று 1:48, இரண்டாவது சுற்று முடியும்போது 3:36 காட்ட வேண்டும்.

காற்றைச் சாக்காகச் சொல்லவும் முடியாது. இரண்டு 200ம் வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை, இரண்டு 600ம் நீலத்தில் தொடங்குகின்றன. 400ம் 800ம் முழுச் சுற்றுகள். ஏறும்போது எந்தக் காற்றோ இறங்கும்போதும் அதேதான். அதனால் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது இரண்டாவது 600ஐத்தான். 1000 முடிந்ததும் "மலை இறங்கியாச்சு" என்று மனசு தளர்ந்துவிடும், கால் அங்கேதான் கனக்கும். அது 2:40க்குள் வந்தால் எனக்குச் சந்தோஷம். முதல் 200ஐ 43க்கு ஓடிக் காட்டினால் சந்தோஷம் இல்லை, அதற்கான விலையை 800ல் கொடுப்பாய்.

ஒருவேளை கச்சான் காற்று மணலை வாரி அடித்தால் 1000ஐயும் ஒரு 800ஐயும் விட்டுவிடு. 200, 400, 600, 800, 600, 400, 200: ஓட்டம் 3200, ஜாகிங் 1500, மொத்தம் 4700 மீட்டர், 24:55. அப்போது முடிவது சிவப்பில்.

ஒன்பது நேரத்தையும் வரிசையாக எழுதி அனுப்பு. மிதவைகளைக் கழற்றாதே, வியாழக்கிழமை பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.