புயல்காற்றில் ஜெபக்கூடத்துக்கு ஏற்பட்ட சேதம்: இழப்பீடு கோரும் கடிதம்

அனுப்புநர்:
செயலாளர், ஜெபக்கூட நிர்வாகக் குழு,
திங்கள்சந்தை அருகில், கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
காப்பீட்டு நிறுவனக் கிளை அலுவலகம், நாகர்கோவில்.

நாள்: 02-06-2025

பொருள்: தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசி எண் 41070011250386 - இழப்பீடு கோருதல் தொடர்பாக.

ஐயா,

26-05-2025 இரவு அடித்த சூறைக்காற்றில், எங்கள் ஜெபக்கூடத்தின் பின்பக்கம் நின்ற அயனிமரம் முறிந்து கூரைமேல் விழுந்தது. மறுநாள் காலையிலேயே உங்கள் அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டோம்.

பெரிய சேதம் கூரைக்குத்தான். பிரசங்க மேடைக்கு மேலே இருந்த ஓடுகளும், ஏழு கழுக்கோல்களும், ரீப்பர்களும் போய்விட்டன. தச்சர் தந்த மதிப்பீடு ரூ.1,86,000. மரம் கூரையில் கிடக்கும்போதே எடுத்த படங்கள் 1 முதல் 9 வரை. போனில் பேசிய அலுவலர் "பழைய கூரை, தேய்மானமாக இருக்கும்" என்றார். 2023இல்தான் கூரையை மராமத்து செய்தோம்; பில் இணைத்துள்ளோம். ஒடிந்த கழுக்கோல்களை விறகுக்குக் கொடுக்காமல் வராந்தாவில் அடுக்கி வைத்திருக்கிறோம். முறிந்த இடத்தில் மரம் வெள்ளையாக, நார் நாராகக் கிழிந்திருக்கிறது. கரையானோ உளுப்போ இல்லை. சர்வேயர் கையால் தொட்டே பார்க்கலாம்.

கூரை திறந்த பிறகு இறங்கிய மழையில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் (ரூ.42,500), கீபோர்டும் (ரூ.28,000) வீணாயின. இவற்றை மின்கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். மரம் விழுந்தபோது கூடம் பூட்டியிருந்தது, மெயின் சுவிட்சும் அணைத்திருந்தது. பழுதுபார்ப்பவர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தபோது உள்ளே ஓட்டுத்தூளும் சேறும் கிடந்தன. அவருடைய எழுத்துச் சான்றும் படம் 14ம் காண்க. கீபோர்டு ஒரு குடும்பம் வாங்கிக் கொடுத்தது. கடை பில் எங்களிடம் இல்லை. அவர்கள் பணம் செலுத்திய வங்கிக் கணக்கு நகலை வைத்துள்ளோம்.

அப்புறம், உடைந்த பெஞ்சுகளுக்கு ரூ.11,000, வயரிங், மின்விசிறிகளுக்கு ரூ.17,500. சேதம் மேலும் கூடாமலிருக்கத் தார்ப்பாய் கட்டியது, மரம் வெட்டி அகற்றியது இரண்டுக்கும் ரூ.6,800; ரசீதுகள் உண்டு. மொத்தம் ரூ.2,91,800.

சுற்றுச்சுவரும் இடிந்தது. அது பாலிசி அட்டவணையில் இல்லாததால் கேட்கவில்லை. வடக்குச் சுவரில் உள்ள விரிசலும் பழையது, அதையும் சேர்க்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் சான்று, மின்வாரியத்தில் கொடுத்த புகாரின் நகல், பாலிசி நகல், கடைசி பிரீமிய ரசீது ஆகியவையும் இத்துடன் உள்ளன.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. தார்ப்பாய் அதிக நாள் தாங்காது. ஆகவே சர்வேயரை இந்த வாரத்திலேயே அனுப்புங்கள். அவர் பார்த்த பிறகே ஓடு மாற்றுவோம். ஏதாவது ஓர் இனத்தை ஏற்க முடியாதென்றால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
ஜெபக்கூட நிர்வாகக் குழு